பூஜ்ய முகவரிக்குத் தாவிய சிப்

பேருந்தில் பொருத்தும் ஜி.பி.எஸ். பலகை ஒன்று. பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். சில காலைகளில் மட்டும் சாவியைத் திருப்பியதும் உறைந்து நின்றுவிடும். அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அப்படி அணைக்கவே கூடாது. எங்கே தவறியது என்ற தடயம் அந்த நொடி நினைவகத்தில்தான் இருக்கிறது.

பலகையில் இருப்பது எஸ்.டி.எம்.32 எஃப்103 மைக்ரோகண்ட்ரோலர். உறைந்த நிலையிலேயே எஸ்.டி.லிங்க் என்னும் ஹார்டுவேர் டீபக்கரை இரண்டு சிக்னல் கம்பி, ஒரு கிரவுண்ட் கம்பியோடு இணைத்து, ரீசெட் கொடுக்காமல் சிப்பை நிறுத்துகிறோம். அது `HardFault_Handler` என்ற இடத்தில் ஒரே கட்டளையைச் சுற்றிச் சுற்றி வருகிறது. செய்ய முடியாத ஒன்றைச் செய்யச் சொன்னால் பிராசஸர் வந்து சேரும் ஃபால்ட் ஹேண்ட்லர் அது. (வேறொரு லூப்பில் நின்றிருந்தால், வராத ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள், அது தனிக் கதை.)

ஹேண்ட்லருக்குள் நுழையுமுன் பிராசஸர் தானாகவே எட்டு ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் எழுதிவைக்கும். அவற்றைக் கேட்கிறோம்:

```
(gdb) x/8xw $sp
0x20004f90: 0x00000024 0x00000000 0x40004400 0x00000000
0x20004fa0: 0x00000000 0x08001a3d 0x00000000 0x20000036
```

ஏழாவது எண், தவறு நடந்தபோது ஓடவிருந்த கட்டளையின் முகவரி. அது பூஜ்யம். நிரப்பப்படாத ஃபங்ஷன் பாயிண்டரை யாரோ அழைத்திருக்கிறார்கள். யார் என்பதை ஆறாவது எண் சொல்லும். அழைத்தவர் திரும்பிவர வேண்டிய முகவரி அது. `info line *0x08001a3c` என்று கேட்டால், சீரியல் போர்ட் இன்டரப்டில் `on_byte` அழைக்கப்படும் வரிக்கு அருகே கொண்டுபோய் விடுகிறது. முதல் எண் `0x24`, அதாவது `$`: ஜி.பி.எஸ். செய்தியின் தொடக்க எழுத்து.

இனி நிரலைப் பார்த்தால் போதும்:

```c
NVIC_EnableIRQ(USART2_IRQn);
on_byte = gps_byte;
```

இன்டரப்டைத் திறந்த பிறகுதான் பாயிண்டர் நிரப்பப்படுகிறது. இந்த இரு வரிகளுக்கும் நடுவே ஓர் எழுத்து வந்து விழுந்தால் சிப் உறைகிறது. இடைவெளி மிகக் குறுகியது; அதனால்தான் எப்போதாவது மட்டும்.

ஊகத்தை நிரூபிக்க, இரண்டாம் வரியில் பிரேக்பாயிண்ட் வைக்கிறோம். சிப் அங்கே நிற்க, ஜி.பி.எஸ். நிற்காமல் எழுத்தை அனுப்புகிறது. தொடரச் சொன்னதும் இன்டரப்ட் முந்திக்கொண்டு ஓட, ஒவ்வொரு முறையும் உறைகிறது. வரிகளை இடம் மாற்றியபின், எவ்வளவு நேரம் அங்கே நிறுத்தினாலும் உறைவதில்லை. பிரேக்பாயிண்ட் நேரத்தை மாற்றிவிடும் என்பது பொதுவாகத் தொல்லை. இங்கே அதுவே உதவி. வேறு பிழைகளில், நிறுத்திப் பார்த்தாலே பிழை மறைந்துவிடுவதும் உண்டு.

ஓடும் பேருந்தில் டீபக்கரை மாட்டிவைக்க முடியாது. அதற்கு ஃபால்ட் ஹேண்ட்லரையே மாற்றி எழுத வேண்டும்: சும்மா சுற்றாமல், அந்த எட்டு எண்களை ரீசெட்டின்போது துடைக்கப்படாத நினைவகப் பகுதியில் எழுதிவிட்டு, சிப்பை ரீசெட் செய்யட்டும். அடுத்த தொடக்கத்தில் நிரல் அவற்றை எடுத்துப் பணிமனைக்கு அனுப்பலாம். மின்சாரம் போய்விட்டால் மட்டும் அவை மிஞ்சாது.