'நீ' யாருக்குச் சொந்தம்? உள்விசாரணைப் பதிவுகளும் மொழிபெயர்ப்பும்

தமிழில் ஒருவரைப் பார்த்து 'வா' என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் யார், நான் யார் என்பது முடிவாகிவிடுகிறது. வா, வாப்பா, வாடா, வாங்க, வாங்க சார். ஆங்கிலத்தின் 'யூ'வுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கும் ஒருகாலத்தில் 'தௌ' என்ற ஒருமை இருந்தது. அது பொதுப்பேச்சிலிருந்து உதிர்ந்துபோக, மேலோருக்கான பன்மையே எல்லாருக்கும் பொதுவானது. ஆகவே தமிழ் உரையாடல் ஒன்று ஆங்கிலத்துக்குப் போகும்போது அதில் பேசும் எல்லாருமே ஒரே உயரத்துக்கு வந்துவிடுகிறார்கள். கேட்பதற்கு இது சமத்துவம்போலத் தெரியும். ஆனால் இந்தச் சமத்துவத்தால் யாருக்கு லாபம் என்பதே என் கேள்வி.

கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் வட்டார ஆலைகளில் ஒரு தொழிலாளி மேலதிகாரியிடம் 'மரியாதைக் குறைவாக'ப் பேசினான் என்று குறிப்பாணை வந்தால், உள்விசாரணை நடக்கும். சாட்சியங்கள் பெரும்பாலும் தமிழில் பதிவாகும். வேலைநீக்கம் தொழிலாளர் நீதிமன்றம் போய், அங்கிருந்து உயர் நீதிமன்றம் போனால், அந்தப் பதிவு ஆங்கிலமாக வேண்டும். அப்படிப்பட்ட காகிதங்களை மொழிபெயர்க்கும் வேலையிலிருந்துதான் இதை எழுதுகிறேன். கீழே வருவது எந்த ஒரு ஆலையின் பதிவும் அல்ல. இத்தகைய பதிவுகளின் சாயலில் நான் கட்டிக்கொண்ட மாதிரி. தொழிலாளிக்கு வயது இருபத்திரண்டு, மேலாளருக்கு அறுபது. இடம், ஒரு பவர் பிரஸ் முன்பு.

மேலாளர்: என்னப்பா, மிஷின ஏன் நிறுத்தின?
தொழிலாளி: சென்சார் வேலை செய்யல சார். நேத்தே சொன்னேன், நீங்க வந்து பாக்கல.
மேலாளர்: அத மெயின்டனன்ஸ் பாத்துக்கும். நீ ஓட்டு.
தொழிலாளி: கை போச்சுன்னா யாரு சார் பொறுப்பு?
மேலாளர்: டேய், யார்கிட்ட பேசுறன்னு தெரியுதா?
தொழிலாளி: டேய்னு நீ கூப்பிடு, சார்னு நான் கூப்பிடணுமா?

இதன் வழக்கமான ஆங்கில வடிவத்தில் 'என்னப்பா'வும் 'டேய்'யும் இருக்காது. டேய் என்பது 'லுக் ஹியர்' என்று ஆகியிருக்கும். மேலாளரின் ஒருமைகள் எல்லாம் 'யூ'வில் கரைந்திருக்கும். தொழிலாளியின் கடைசி வரியோடு மட்டும் 'மரியாதையின்றி ஒருமையில் பேசினான்' என்ற குறிப்பு ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் குறிப்பாணையில் உள்ள குற்றமே அதுதான். விளைவு, பணிவான மேலாளர் ஒருவரும் திமிர்பிடித்த இளைஞன் ஒருவனும். இருவரும் ஒருமையில் பேசினார்கள், ஒருவருடைய ஒருமை மட்டுமே பிரதியில் எஞ்சியது.

இதை 'மொழியின் இயல்பு' என்று தள்ளிவிட முடியாது. ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்வு, இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியமே பிரித்து வைக்கிறது. ஆக, நாம் பெயர்ப்பது இலக்கணத்தை அல்ல, உறவை. பிரவுனும் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரையில், முன்னிலைச் சொற்களை அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டு அச்சுகளில் வைத்துப் பார்த்தார்கள். ஒருவர் ஒருமை கொடுத்துப் பன்மை வாங்கினால் அங்கே இருப்பது அதிகாரம். இருவரும் ஒன்றையே கொடுத்து வாங்கினால் அது நெருக்கம் அல்லது விலகல்.

நம் உரையாடலில் ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. இங்கே வயதும் பதவியும் ஒரே பக்கம் நிற்கின்றன. பெரியவர், சின்னப் பையன், அதனால் 'நீ' என்கிறார் என்று யாரும் எளிதாக ஒப்புக்கொள்வார்கள். வயதின் முதுகுக்குப் பின்னால் பதவி ஒளிந்துகொள்கிறது. வெளியே கொண்டுவர ஒரு சோதனை உண்டு. வயதைத் திருப்பிப் போடுங்கள். மேலாளருக்கு இருபத்தைந்து, ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஐம்பத்தைந்து என்று வையுங்கள். அப்போதும் 'நீ ஓட்டு' மாறாமல் வரும் என்றால், அங்கே பேசியது வயது அல்ல. கிராமத்தில் நரைத்த தலித் முதியவரை ஆதிக்க சாதிச் சிறுவன் 'நீ' என்றழைத்த வழக்கை அறிந்தவர்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல.

சரி, மொழிபெயர்ப்பவர் என்னதான் செய்வது? வாக்கியங்களைத் தொடுமுன் ஒரு தாளில், ஒவ்வொரு வரிக்கும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்கிறேன். பெயர்ச்சொல் நீயா நீங்களா, வினைமுடிவு எது, விளி என்ன. மேலே உள்ள உரையாடலில் மேலாளர் 'அப்பா'வோடு கூடிய ஒருமையில் தொடங்குகிறார். அது அதட்டலானாலும் உறவு வைத்த ஒருமை. பிறகு விளி உதிர்ந்த வெறும் 'நீ ஓட்டு'. பிறகு 'டேய்'. தொழிலாளி 'சார்', 'நீங்க' என்று தொடங்கி, அடுத்ததில் முன்னிலைப் பெயரே இல்லாமல் 'சார்' மட்டும் வைத்து, கடைசியில்தான் 'நீ'க்கு வருகிறான். முதலில் இறங்கியது யார் என்பது இந்தத் தாளில் பளிச்சென்று தெரியும். ஆங்கிலத்தில் காப்பாற்ற வேண்டியது இந்த இறக்கத்தைத்தான்.

அதற்காக 'டேய்'க்கு ஆங்கிலத்தில் 'பாய்' என்று போட்டால் அமெரிக்க அடிமைமுறையின் நெடி வந்து சேரும். 'டேய்', 'நீ', 'நீங்க' மூன்றையும் ஆங்கில எழுத்தில் அப்படியே விட்டு, முதல் இடத்தில் ஒருமுறை விளக்கிவிடுவதே சரி. இரு தரப்புக்கும் ஒரே விதி. 'மரியாதையின்றி' என்ற சொல் சாட்சியின் வாயில் வந்திருந்தால் ஒழிய மொழிபெயர்ப்பில் வரக்கூடாது. அது தீர்ப்பு, மொழிபெயர்ப்பு அல்ல.

வடிவத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டவும் கூடாது. வடசென்னையிலும் அதையொட்டிய ஊர்களிலும் 'இன்னா சார், நீ சொல்லு சார்' என்பது சாதாரணப் பேச்சு. அதில் ஒருமையும் மரியாதையும் ஒரே வரியில் குடியிருக்கின்றன. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இளைஞனின் நிலைமை இன்னும் வேறு. அவன் மொழியில் 'ஆப்', 'ஆபண' என்ற மரியாதைச் சொற்கள் உண்டு. ஆனால் தமிழை அவன் கற்றது தன்மேல் விழுந்த 'எடு', 'போ', 'வா'விலிருந்து. தனக்குத் தரப்பட்ட தமிழையே திருப்பிப் பேசும்போது அது அவமரியாதை ஆகிறது! ஆகவே பார்க்க வேண்டியது 'நீ' வந்ததா என்பதை அல்ல. அதே ஆள் அதற்குமுன் 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தானா, எந்த வரிக்குப் பின் மாறினான் என்பதை.

இதில் தொங்குவது ஒருவனுடைய வேலை. உத்தரப் பிரதேசத்திலிருந்து போன ஒரு வழக்கில், பேசிய பேச்சுக்காக மட்டும் வேலைநீக்கம் செய்தது மிகை என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, இரண்டு ஊதிய உயர்வுகளை நிறுத்தியதோடு விட்டது. 2005இல் மகிந்திரா நிறுவன வழக்கில், மேலதிகாரியை வசைச் சொற்களால் திட்டியதற்கு வேலைநீக்கம் சரியே என்றது. இரண்டு விளைவுகளுக்கும் நடுவே இருப்பது சொன்ன சொல்லின் எடை, அது எதற்குப் பதிலாக வந்தது என்ற சூழல். அந்த இரண்டையும் நீதிபதியின் மேசைக்குக் கொண்டுபோகிறவர் மொழிபெயர்ப்பாளர்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது ஆபத்து தலைகீழாக இருக்கிறது. அங்கே இல்லாத ஏணியை நாம் கட்டுகிறோம். கதையிலோ நாடகத்திலோ முதலாளி கிழவர், வேலைக்காரன் இளைஞன் என்று தெரிந்ததும் கை தானாக 'நீ', 'நீங்கள்' என்று பிரித்துவிடும். முதல் பக்கத்திலேயே 'நீ'யைச் செலவழித்துவிட்டால், பன்னிரண்டாம் பக்கத்தில் கிழவர் வெடிக்கும்போது கையில் எதுவும் மிஞ்சாது. மூலம் இடம் கொடுத்தால் இருவரையும் 'நீங்க'வில் தொடங்கவிட்டு, மூலத்தில் பேச்சின் சூடு மாறும் இடத்துக்காக 'நீ'யைச் சேமித்து வைப்பது நல்லது. அந்த ஒற்றை 'நீ' யார் வாயிலிருந்து முதலில் விழுகிறது என்பதைச் சொல்லிவிட்டால், மீதியை வாசகர் பார்த்துக்கொள்வார்.