ஒட்டாத நூடுல்ஸ், குழையாத பாஸ்தா

பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டுவதற்குக் காரணம் அதன் மேல்பரப்பில் உள்ள மாவுச்சத்து. கொதிநீரில் போட்ட முதல் 2 நிமிடங்களில் அது பசையாகிறது. அப்போது விடாமல் கிளறினால் ஒட்டாது. 250 கிராம் பாஸ்தாவுக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். தண்ணீர் குறைந்தால் இன்னும் அதிகம் கிளற வேண்டும். அதில் போடும் 4 டீஸ்பூன் உப்பு சுவைக்குத்தான், ஒட்டுவதைத் தடுக்காது.

பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 1 நிமிடம் முன்பே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். நடுவில் லேசான உறுதி இருந்தால் வடித்துவிடலாம். உடனே சூடான சாஸில் சேர்ப்பதானால் அலசக் கூடாது. அந்த மாவுச்சத்துதான் சாஸைப் பிடித்து நிறுத்தும். வாணலியில் வதக்கப் போகும் நூடுல்ஸை மட்டும் குளிர்ந்த நீரில் அலசி, நன்றாக வடித்து, சிறிது எண்ணெய் பிசறி வையுங்கள்.