குளிர்காற்று இயந்திரத்தின் கூலிங் காயில்
(வெட்டுத் தோற்றம்)

செம்புக் குழாய்களுக்குள் சுமார் 7 டிகிரி குளிர்நீர் ஓடுகிறது. அலுமினியத் தகடுகளை உரசிச் செல்லும் காற்று குளிர்ந்து, தன் ஈரத்தைத் துளிகளாகத் தகடுகளின் மேல் விடுகிறது. அந்தத் துளிகள் கீழேயுள்ள தட்டில் வடிய வேண்டும். காற்றோடு பறந்துவிடக் கூடாது. காயிலின் அளவைத் தீர்மானிப்பதில் பாதி வேலை இதுதான்.

இதன் முகப்பு 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். வினாடிக்கு 5 கன மீட்டர் காற்று நுழைந்தால் முகப்பு வேகம் 2.5 மீட்டர். ஈரமாகும் காயிலுக்கு இதையே உச்ச வரம்பாகப் பலர் கொள்கிறார்கள். இடமில்லை என்று முகப்பை 1.6 சதுர மீட்டராகக் குறைத்தால் வேகம் 3.1 ஆகிவிடும். துளிகள் தட்டைத் தாண்டித் தெறிக்கும். தட்டுக்கு அப்பால் ஈரத்தரையும், விசிறி உறையில் துருவும் கண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த வேகத்தைத்தான்.

பக்கவாட்டில் குழாய் வரிசைகளை எண்ணிப் பாருங்கள்: ஆறு. வெப்பத்தை மட்டும் குறைக்க நான்கே போதுமாக இருந்திருக்கலாம். கடலோர ஊரின் புழுக்கத்தை வடிக்க ஆறு தேவைப்பட்டது. பின்வரிசைகளை அடையும்போது காற்று ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால், கூடுதல் வரிசை ஒவ்வொன்றின் பலனும் முந்தையதைவிடக் குறைவு. விசிறியின் சுமையோ ஏறிக்கொண்டே போகும்.

வரிசைக்குப் பதிலாகத் தகடுகளை நெருக்கலாமே? இங்கே அங்குலத்துக்கு 10 தகடுகள், அதாவது சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி. 14 ஆக்கினால் இடைவெளி 1.8க்கு இறங்கும். நீர் இரு தகடுகளுக்கும் இடையே பாலம் போட்டு நிற்கும், தூசும் அங்கேயே அடையும். அடைபடாத இடுக்குகளில் காற்றின் வேகம் கூடி, துளிகள் மறுபடியும் பறக்கத் தொடங்கும்.