கைமாற்றுக்குச் சாட்சி எது?

எழுத்தில்லாமல் கொடுத்து வாங்கும் கடனுக்குத் தமிழில் 'கைமாற்று' என்றொரு சொல் இருக்கிறது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுவது மட்டுமே அதன் அடையாளம். பத்திரம் இல்லை, வட்டி பெரும்பாலும் இல்லை, திருப்பித் தரும் தேதிகூட இல்லை. நட்பு நன்றாக இருக்கும்வரை இவை எதுவும் குறையாகத் தெரிவதில்லை. பணம் திரும்பாதபோதுதான், "புரோநோட்டு இருக்கிறதா?" என்ற கேள்வி எழுகிறது. இல்லை என்றால் வழக்கே போட முடியாது என்று பலரும் எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த எண்ணம் சரியல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று பொதுவாக வற்புறுத்துவதில்லை. வாய்மொழியாகக் கொடுத்த கடனும் கடன்தான். எழுத்து இல்லாததால் கடன்கொடுத்தவர் இழப்பது வேறொன்றை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆவது கட்டளை தரும் சுருக்க விசாரணை என்னும் குறுக்குவழி, எழுத்துமூல ஒப்பந்தமோ காசோலையோ கடனுறுதிச் சீட்டோ உள்ளவர்களுக்கே உரியது. கைமாற்று கொடுத்தவர் சாதாரண வழக்கு தொடர்ந்து, சாட்சிக் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுத்துத் தன் கடனை மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. ஆனால், குற்ற வழக்கைப்போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இரண்டு கதைகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்புள்ளது என்பதையே உரிமையியல் நீதிமன்றம் பார்க்கிறது.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்து இதைப் பார்க்கலாம். குரோம்பேட்டை ராதா நகரில் வசிக்கும் ஒருவர், அதே பகுதியில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் நண்பருக்கு 2023 ஜூன் 9 அன்று வங்கிக் கணக்கு வழியாக 3 லட்சம் ரூபாய் அனுப்புகிறார். ஜூன் 17 அன்று மேலும் ஒரு லட்சத்தை ரொக்கமாகத் தருகிறார். 2024 பிப்ரவரியில் நண்பர் யுபிஐ வழியாக 25,000 ரூபாய் திருப்பி அனுப்புகிறார். பிறகு ஒன்றும் வரவில்லை. அவ்வாண்டு நவம்பர் 3 அன்று வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு செய்தி: "மச்சான், உன்கிட்ட வாங்கின நாலுல மிச்சம் மூணேமுக்கால் பொங்கலுக்குள்ள தந்துடறேன்." பொங்கல் போனது. பணம் வரவில்லை.

இந்த வழக்கில் நீதிமன்றம் விடை தேடும் கேள்விகள் மூன்று. பணம் கை மாறியதா? மாறியது கடனாகத்தானா? வழக்கு உரிய காலத்துக்குள் வந்ததா?

முதல் கேள்வியில் 3 லட்சத்துக்குத் தொல்லை இல்லை. திரையின் படப்பிடிப்பை நம்பியிராமல், வங்கிகளின் ஏடுகள் சாட்சியச் சட்டம் 1891இன்படி சான்றளிக்கப்பட்ட கணக்கு அறிக்கையை வங்கியிடம் பெற்றுத் தாக்கல் செய்தால் போதும். சிக்கல் ரொக்கத்தில்தான். அந்த ஒரு லட்சம் கொடுத்தவரிடம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியாக இருக்கும். ஜூன் 16 அன்று வங்கியிலிருந்து ஒரு லட்சம் எடுத்த பதிவோ, நகையை அடகு வைத்த ரசீதோ இருந்தால் கதை நிற்கும். பணம் கொடுத்தபோது உடனிருந்தவர் சாட்சி சொல்லலாம். அவர் மனைவியாகவோ உறவினராகவோ இருப்பதாலேயே சாட்சியம் தள்ளுபடியாகாது. குறுக்கு விசாரணையில் நாள், இடம், தொகை மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொடுத்தவரின் வசதி எவ்வளவு முக்கியம் என்பதை, கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு காசோலை வழக்கில் 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டுகிறது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர் ஒருவர், தெரிந்தவருக்கு 6 லட்சம் ரூபாய் ரொக்கமாகக் கடன் கொடுத்ததாகக் கூறினார். அவர் 1997இல் ஓய்வு பெற்றவர். கடன் கொடுத்ததாகச் சொன்னதோ 2011இல். இடையில் வேறு பெரிய தொகைகளையும் அவர் கொடுத்திருந்தது விசாரணையில் தெரியவந்தது. இவ்வளவு பணம் அவரிடம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு நிறைவான விடை இல்லை. கையெழுத்திட்ட காசோலை கையில் இருந்தும், அவர் தரப்பு தோற்றது. காசோலைகூட இல்லாத கைமாற்றில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும்.

ரொக்கத்துக்கு இன்னொரு தடை இருப்பதாகவும் சொல்வார்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அந்தக் கடனே செல்லாது என்பது வாதம். மீறலுக்கு அபராதம் உண்டு, அதுவும் வாங்கியவர் மீது. அதனால் கடன் செல்லாததாகிவிடாது என்று 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. எனினும், 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகக் கூறி வழக்கு வந்தால் வருமான வரித் துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் அந்நீதிமன்றம் கீழமை நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. கணக்கில் காட்டாத பணத்தைக் கொடுத்தவர் இதை எண்ணிப் பார்த்தே படியேற வேண்டும்.

பெரும்பாலான வழக்குகள் சறுக்குவது இரண்டாவது கேள்வியில். வங்கிப் பதிவு, பணம் போனதைக் காட்டுமே தவிர, எதற்காகப் போனது என்பதைக் காட்டாது. "நான் முன்பு கொடுத்ததைத்தான் அவர் திருப்பித் தந்தார்", "கடையில் பங்குதாரராகச் சேரப் போட்ட முதல் அது, கடை நட்டமாகிவிட்டது" என்று பிரதிவாதி சொல்லலாம். பணம் பெற்றதை ஒப்புக்கொண்டு இப்படியொரு விளக்கம் தருபவர், பெரும்பாலும் அந்த விளக்கத்துக்குத் தாமே ஆதாரம் காட்ட வேண்டிய நிலைக்கு வருகிறார். அதைச் சொல்லக் கூண்டேறாமல் ஒதுங்கினால், நீதிமன்றம் அவருக்கு எதிராக அனுமானிக்கலாம். ஆனாலும், எதிரியின் பலவீனத்தை மட்டும் நம்பி வாதி வெல்ல முடியாது.

இங்கேதான் அந்த ஒற்றை வரிச் செய்தியின் மதிப்பு தெரிகிறது. 'வாங்கின' என்ற சொல் பணம் பெற்றதை ஒப்புக்கொள்கிறது. 'தந்துடறேன்' என்பது அது அன்பளிப்போ முதலீடோ அல்ல, திருப்பித் தர வேண்டியது என்பதைக் காட்டுகிறது. 'நாலு' என்பது வங்கியில் போன மூன்றோடு ரொக்கம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறது. "நாலு என்றால் நாலாயிரமாக இருக்கலாமே" என்று வழக்கறிஞர் கேட்கலாம். நாலிலிருந்து 25,000 ரூபாயைக் கழித்து மிச்சம் மூணேமுக்கால் வர வேண்டுமானால், அது லட்சக் கணக்காக மட்டுமே இருக்க முடியும். யுபிஐ பதிவையும் செய்தியையும் அடுத்தடுத்து வைத்தால் ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே, எழுத்தில்லாமல் கொடுத்தவர், உறவு முறிவதற்கு முன்பே இத்தகைய பதிலைப் பெறுவது நல்லது. "பணம் என்னாச்சு?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். அதனால் பயனில்லை. "ஜூன் மாதம் கடனாகக் கொடுத்த 4 லட்சத்தில் 25,000 வந்தது, மீதியை எப்போது தருவாய்?" என்று கேட்டால், வரும் பதில் எதுவானாலும் அந்தத் தொகையையும் தன்மையையும் தொட்டே ஆக வேண்டும்.

செய்தி இருந்தால் மட்டும் போதாது, அது சாட்சியமாக ஏற்கப்பட வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதன் முதல் பகுதியைக் கருவியை வைத்திருப்பவரும், இரண்டாம் பகுதியை வல்லுநர் ஒருவரும் நிரப்ப வேண்டும். கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் 'ஹாஷ்' மதிப்பும் அதில் இடம்பெறும். சான்றிதழ் கட்டாயம் என்பதையும், கைப்பேசியின் உரிமையாளரே அந்தக் கருவியை நீதிமன்றத்தில் காட்டிச் சாட்சியம் அளித்தால் அது தேவையில்லை என்பதையும் பழைய சட்டத்தின்கீழ் 2020இல் உச்சநீதிமன்றம் விளக்கியிருக்கிறது. எனவே பழைய கைப்பேசியை விற்றுவிடாமல் வைத்திருக்க வேண்டும். தனக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுக்காமல் முழு உரையாடலையும் கொடுக்க வேண்டும். திரையில் தெரியும் பெயர் நாம் பதிந்துகொண்ட பெயர்தான். அந்த எண் நண்பருடையது என்பதைத் தனியே காட்ட வேண்டும். கடையின் ரசீதில் அச்சிட்ட எண் அதற்கு உதவும்.

மூன்றாவது கேள்வி காலம். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடன் தொகைக்கான வழக்கைக் கடன் கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். 'கேட்கும்போது தர வேண்டும்' என்று கொடுத்திருந்தாலும், கணக்கு தொடங்குவது கேட்ட நாளில் அல்ல, கொடுத்த நாளில்தான். நட்பின் பெயரால் பொறுத்திருந்தவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். நம் எடுத்துக்காட்டில் 3 லட்சத்துக்கு 2026 ஜூன் 9, ரொக்கத்துக்கு ஜூன் 17 கடைசி நாள்கள். கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் கிடைக்கும். வாட்ஸ்ஆப் செய்தி கையெழுத்திட்ட எழுத்தாகுமா? மின்னஞ்சலில் வந்த ஒப்புதலை 2013இல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால், அந்த நம்பிக்கையில் 2027 நவம்பர்வரை காத்திருப்பது விவேகமன்று. 25,000 ரூபாய் திருப்பிக் கொடுத்ததற்கும் இதே வரம்பு உண்டு: அந்தப் பகுதித் தொகைக்கான குறிப்பு கொடுத்தவரின் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. முதல் தேதியையே கெடுவாகக் கொள்வதுதான் பாதுகாப்பு.

வழக்குக்கு முன் வழக்கறிஞர் வழியாகப் பதிவஞ்சலில் அறிவிப்பு அனுப்புவது வழக்கம். அதில் வட்டியும் கோருவதாக எழுத வேண்டும். எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாத கடனுக்கு, 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, அத்தகைய அறிவிப்பில் குறித்த நாளிலிருந்துதான் வழக்குக்கு முந்தைய வட்டி கிடைக்கும். வழக்குத் தொகையில் 3 விழுக்காடு நீதிமன்றக் கட்டணம். 3,75,000 ரூபாய்க்கு 11,250 ரூபாய். பிரதிவாதி குரோம்பேட்டைவாசி என்பதால் வழக்கு அப்பகுதிக்கு அதிகார வரம்புள்ள நீதிமன்றத்துக்குப் போகும். அவர் எதிருரையில் கடனைக் குறிப்பாக மறுக்காமல் மழுப்பினால், அதையே ஒப்புதலாகக் கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

தீர்ப்பாணை கிடைத்தாலும் அன்றே பணம் கைக்கு வராது. நிறைவேற்று மனு போட்டு, கடனாளியின் வங்கிக் கணக்கையோ சொத்தையோ சட்டம் அனுமதிக்கும் ஊதியப் பகுதியையோ பற்றுகை செய்ய வேண்டும். அதற்கு 12 ஆண்டுகள் அவகாசம் உண்டு. கடன் கொடுத்ததை மெய்ப்பிக்க ஒப்புதல் செய்தியைத் தேடுபவர், வசூலிப்பதற்கு நண்பரின் பெயரில் என்ன இருக்கிறது என்பதையும் வழக்கு போடும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. எதுவுமே இல்லாதவர் மீது பெற்ற தீர்ப்பாணை, புரோநோட்டு இல்லாத கைமாற்றைவிடப் பெரிதாக உதவாது.