இரண்டு மீட்டர் வெட்டினேன்

2010-இல் பிளஸ் டூ முடித்த ஒருவர் இன்று ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அது அவர் படித்த புத்தகமாக இருக்காது. இடையில் சமச்சீர் கல்வி வந்தது. 2018 முதல் பாடநூல்கள் இன்னொரு முறை புதிதாக எழுதப்பட்டன. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெண், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத முடிவு செய்தபோது பரணிலிருந்து இறக்கிய பழைய நோட்டுகள் அதனால்தான் பெரிதாக உதவவில்லை. பதினைந்து வருடம் கழித்து, ஆறாம் வகுப்பிலிருந்தே தொடங்கினார்.

அந்தத் தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் பாதி தமிழ். தமிழுக்கான 150-இல் 60 எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழ் இலக்கணத்தில் ஆரம்பித்தார். கடை மூடியபின் தினமும் ஒரு பாடம். முக்கியமான வரிகளை இரண்டு நிறப் பேனாவில் அப்படியே நோட்டில் எழுதுவது. நோட்டு அழகாக நிரம்பியது. பத்து நாள் கழித்து ஆகுபெயரின் வகைகளைக் கேட்டபோது இரண்டுக்கு மேல் வரவில்லை. “எல்லாம் படிச்சதுதான் அண்ணா, பாத்தா தெரியுது, கேட்டா வரமாட்டேங்குது” என்றார்.

பார்த்தால் தெரிவதும் கேட்டால் வருவதும் வேறு வேறு. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதைத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42. படித்த அன்றைக்கே நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று ஏன் ஏமாற்றுகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

அதன்பிறகு நோட்டின் முகமே மாறியது. இடது பக்கம் கேள்வி மட்டும். வலது பக்கம், புத்தகத்தை மூடிவிட்டு, சொந்த வார்த்தையில் விடை. வராததற்கு வெற்றிடம் விட்டுவிட்டு, பிறகு புத்தகம் பார்த்து வேறு மையில் நிரப்புவார். எடுத்துக்காட்டுகளும் கடையிலிருந்தே வந்தன. “இரண்டு மீட்டர் வெட்டினேன்” என்கிறோம். வெட்டுவது மீட்டரை அல்ல, துணியை. நீள அளவு துணிக்குப் பெயராகி வருவதால் நீட்டலளவை ஆகுபெயர். “வெள்ளை உடுத்தினாள்” என்றால் நிறம் ஆடைக்கு ஆகிவந்த பண்பாகுபெயர். இவை அவருக்கு மறக்கவில்லை.

திரும்பத் திரும்பக் கேட்பதற்கு ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய பெட்டி முறை இருக்கிறது. கேள்வியை ஒரு துண்டு அட்டையில் எழுதி, விடையைப் பின்புறம் எழுத வேண்டும். இவருக்கு ஊக்கு வைக்கும் டப்பாக்கள் மூன்று போதுமாக இருந்தன: முதலாவதைத் தினமும் கேட்பார், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். தவறினால் முதல் டப்பாவுக்கே திரும்பும். தெரிந்ததைப் படித்துப் பொழுதைப் போக்கும் பழக்கம் இதில் தானாகக் குறைகிறது.

கணக்கில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 18 நாளிலும் முடித்தால், இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்? இவர் எழுதிய விடை 15. சராசரி போட்டிருக்கிறார். ஆள் கூடினால் நாள் கூடுமா என்று கேட்டதும் சிரித்துவிட்டார். வேலையை 36 ரவிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். 12, 18 இரண்டாலும் வகுபடும் எண் அது. ஒருவர் நாளுக்கு 3 தைப்பார், மற்றவர் 2. சேர்ந்தால் 5. ஆகவே 36-ஐ 5-ஆல் வகுக்க, 7 நாளும் ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கும். புரிந்ததா என்று பார்க்க அதே கணக்கை மறுபடி போடுவதில் பயனில்லை. எண்ணை மாற்ற வேண்டும். மறுவாரம் 10, 15 என்று கொடுத்தபோது, 30 ரவிக்கை என்று தொடங்கி 6 நாள் என்று முடித்தார்.

மாதிரித் தேர்வில் இன்னொன்றையும் செய்கிறார். விடைத்தாளில் ‘விடை தெரியவில்லை’ என்று ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது என்பதால் தேர்வறையில் ஊகித்து நிரப்புவதே லாபம். வீட்டில் மட்டும், தெரியாததற்கு அந்த வட்டத்தையே நிரப்புகிறார். ஊகம் பலித்தால் பலவீனமான பாடம் மறைந்துவிடும் அல்லவா! எனக்குப் பிடித்த பழக்கம் இதுதான்.

தீபாவளிக்கு முந்தைய மாதம் கடையில் இரவு பதினொன்று வரை மிஷின் ஓடும். அப்போது புதிய பாடம் எதையும் தொடுவதில்லை. முதல் டப்பாவில் உள்ள அட்டைகளை மட்டும், பாபின் மாற்றும் இடைவெளியில், ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.