வெள்ளிக்கிழமை மாலை 4 மணி

2024 நவம்பர் 28, வியாழக்கிழமை மாலை. வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புயலாக நிலைக்காது, அதே நிலையில் சனிக்கிழமை காலை கரையைக் கடக்கும் என்று வானிலை ஆய்வு மையம் கணித்தது. மறுநாள் பிற்பகல் 2.30 மணிக்கு அது ‘ஃபெஞ்சல்’ புயலாகிவிட்டது. சனிக்கிழமை பிற்பகல் புதுச்சேரி அருகே கரையைக் கடக்கும் என்றார்கள். கடந்தபோது இரவு மணி பதினொன்றை நெருங்கியிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் புல்வெளி ஒன்றில் கல்யாண வரவேற்பு வைத்திருக்கும் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். 350 பேருக்கு அழைப்பு. அதில் பாதிப்பேர் மதுரை, கோவை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வர வேண்டியவர்கள். காலை முகூர்த்தம் கோயிலில், நெருங்கிய சொந்தத்தோடு. அதைத் தள்ள மாட்டார்கள், தள்ளவும் தேவையில்லை. திறந்தவெளியில் நடக்கும் வரவேற்புதான் கேள்வி.

இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான். “பார்ப்போம், மழை விட்டுடும்” என்கிறார் மாமா. “எல்லாருக்கும் சொல்லியாச்சே” என்கிறார் அத்தை. ஊரிலிருந்து போன் வருகிறது: “கிளம்பலாமா, வேண்டாமா?” ஒருவர் வாங்க என்கிறார், இன்னொருவர் கொஞ்சம் பொறுங்க என்கிறார். முடிவெடுக்க ஒரு நேரம் குறிக்காததுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

அந்த நேரத்தை விழா மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் குறிக்க வேண்டும். எந்தக் கட்டத்தைத் தாண்டினால் திரும்ப முடியாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் போதும். மதுரைக்காரர்கள் வெள்ளி இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ரயிலோ பஸ்ஸோ ஏறுவார்கள். ஏறிவிட்டால் புயலுக்குள்தான் வந்து இறங்குவார்கள். சமையல் மாஸ்டர் மளிகையை முன்பே இறக்கியிருப்பார், அது கெடாது. காய்கறிக்கு அவர் ஆள் கோயம்பேடு போவது வெள்ளி இரவுதான். பாலும் இலையும் பூவும் அதற்குப் பிறகுதான் வரும். பந்தல்காரர் கம்பு நடுவதும் வெள்ளி மாலையிலிருந்துதான் என்று வைத்துக்கொள்வோம். ஆக வெள்ளி மாலை வரை நிறுத்தினால் முன்பணம் மட்டும் சிக்கலில் இருக்கும். அன்றிரவைத் தாண்டினால் அழுகும் பொருளுக்கும் ஆள் கூலிக்கும் சேர்த்துத் தண்டம்.

அப்படியானால் வியாழக்கிழமையே முடிவெடுத்துவிடலாமே என்று தோன்றும். ஃபெஞ்சல் கதையைத் திரும்பப் பாருங்கள். வியாழன் மாலை முடிவெடுத்திருந்தால், ‘புயல் இல்லையாம், காலையிலேயே கடந்துவிடுமாம்’ என்று விழாவை உறுதிசெய்திருப்பார்கள். சனி காலை வரை காத்திருந்தால் பாதிப்பேர் சென்னையில் வந்து இறங்கியிருப்பார்கள். முன்னே போனால் கணிப்பு தெளியாது, பின்னே போனால் பயணம் தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே, பிற்பகல் வானிலை அறிக்கை கைக்கு வந்து, ஊர்க்காரர்கள் பெட்டியைத் தூக்குவதற்குள் கிடைக்கும் இடைவெளி வெள்ளி மாலை 4 மணி. இந்த வீட்டுக்கு அதுதான் நேரம். விருந்தாளிகள் எல்லாரும் உள்ளூர் என்றால் அது சனி காலைக்கு நகரலாம்.

அடுத்தது, 4 மணிக்கு எதைப் பார்த்து முடிவெடுப்பது. புயலுக்குப் பெயர் வைத்தாயிற்றா என்பதும், எந்த ஊரில் கரையைக் கடக்கிறது என்பதும் நமக்கு முக்கியமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவில் பாபட்லா அருகே. அதற்கு முந்தைய நாளே சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விழா நடக்கும் மாவட்டத்துக்கு அன்றைய தேதியில் கொடுத்திருக்கும் மழை எச்சரிக்கையின் நிறம். ஆரஞ்சு என்றால் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 12 முதல் 20 செ.மீ. வரை பெய்யக்கூடிய மிக கனமழை. சிவப்பு என்றால் அதற்கும் மேல். இரண்டாவது, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் காற்று என்பது. ‘ஆரஞ்சோ சிவப்போ இருந்தால், அல்லது 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் தள்ளிவைப்போம்’ என்று செவ்வாய்க்கிழமையே ஒரு தாளில் எழுதி வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை வந்ததும் வாதம் இருக்காது, தாளும் அறிக்கையும் மட்டும் இருக்கும்.

காற்றைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் பந்தல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். 25 கிலோமீட்டர் காற்றில் சற்றே படபடக்கும் ஷாமியானா, 50 கிலோமீட்டரில் கப்பல் பாயாகிக் கம்பைப் பிடுங்கப் பார்க்கும். மழையும் சும்மா விடாது. துணி ஓரிடத்தில் தொய்ந்து, இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் பரப்பில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே அது 400 கிலோ. அதற்கு நேர் கீழேதான் சாப்பாட்டு மேசை போட்டிருப்பார்கள். விளக்குத் தூண்களும் ஜெனரேட்டர் வயரும் ஈரப் புல்லில் கிடக்கும். குடை பிடித்து நடத்திவிடலாம் என்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவு நேரத்தை விருந்தாளிகளுக்கு முன்கூட்டியே சொன்னால்தான் அதற்குப் பயன். புதன்கிழமை போக வேண்டிய செய்தி இப்படி இருக்கலாம்: ‘சனிக்கிழமை வரவேற்புக்கு மழை எச்சரிக்கை வரக்கூடும். நடக்குமா, தள்ளிப்போகுமா என்று வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு எல்லாருக்கும் சொல்வோம். அதுவரை தயவுசெய்து கிளம்ப வேண்டாம்.’ 4 மணிக்கு முடிவு எதுவானாலும் செய்தி போக வேண்டும். நடக்கிறது என்றாலும் போக வேண்டும். சேதி வராவிட்டால் விழா உண்டு என்று ஒருவரும், இல்லை என்று இன்னொருவரும் எடுத்துக்கொள்வார்கள்.

தள்ளிவைத்தால், ‘சனிக்கிழமை வரவேற்பு இல்லை’ என்பது முதல் வரி. புதிய தேதியும் இடமும் இரண்டாவது வரி. மாற்றுத் தேதியை மண்டபத்தாரிடமும் சமையல் மாஸ்டரிடமும் வியாழக்கிழமையே கேட்டு வைத்திருந்தால்தான் அந்த வரியை எழுத முடியும். முன்பணம் புதிய தேதிக்குச் செல்லுமா என்பதை அச்சாரம் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வானம் இருண்ட பிறகு அந்தப் பேச்சு கசப்பில்தான் முடியும்.

வாட்ஸ்அப்பில் போட்டதோடு வேலை முடியாது. ஊருக்கு ஒருவர் எனப் பொறுப்பு பிரித்து, வயதானவர்களைப் போனில் கூப்பிட வேண்டும். போனை எடுத்துப் பேசியவர் பெயருக்கு எதிரே மட்டும் டிக் போட வேண்டும். மாலை 6 மணிக்குள் டிக் விழாத பெயர்களை மறுபடி கூப்பிட வேண்டும்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். மாலை 4 மணிக்கு அறிக்கையைத் திறந்தால் வட கடலோர மாவட்டங்களுக்குச் சிவப்பு எச்சரிக்கை, மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் காற்று. எழுதி வைத்த தாளின்படி தள்ளிவைக்க வேண்டியதுதான். ‘பிற்பகலிலேயே கடந்துவிடுமாமே, மாலைக்குள் வெறிச்சுவிடும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சனிக்கிழமை நண்பகலில் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. பிற்பகலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொதுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. விழா தொடங்கவிருந்த 6.30 மணிக்குப் புயல் இன்னும் கரையைக் கடந்து முடிக்கவில்லை.

சில ஆண்டுகளில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். தள்ளிவைத்த அன்று மாலை வானம் பளிச்சென்றிருக்கும், மாமா அதைப் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவார். அவருக்குப் பதிலாக அந்தத் தாளையும் வெள்ளிக்கிழமை அறிக்கையையும் எடுத்துக் காட்டலாம். மதுரைக்காரர்கள் எல்லாரும் அன்றிரவு அவரவர் வீட்டிலேயே சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள்.