தொகை ஒன்று, தங்கிய காலம் வேறு

வருடக் கடைசியில் வட்டியைப் பிரிக்கும்போதுதான் பல மகளிர் சுய உதவிக் குழுக்களில் மனக்கசப்பு தொடங்குகிறது. "எல்லாருக்கும் சமமாப் பிரிச்சிடுங்கக்கா" என்று ஒருவர் சொல்வார், அதுவே தீர்மானமாகிவிடும். ஏப்ரலிலிருந்து தவறாமல் கட்டியவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போடுவார்.

கூட்டப் பதிவேட்டில் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் தேதி இருக்கிறது. கணக்கை அங்கிருந்துதான் போட வேண்டும். 12 பேர் கொண்ட ஒரு புதுக் குழுவை எடுத்துக்கொள்வோம். மாதச் சேமிப்பு 200 ரூபாய். உள்கடனுக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. 10 பேர் ஏப்ரலிலிருந்தே கட்டினார்கள். அக்டோபரில் சேர்ந்த ஒருவர், விட்டுப்போன ஆறு மாதத்துக்கான 1,200 ரூபாயையும் அன்றே கட்டிவிட்டார். அவரோடு சேர்ந்த இன்னொருவர் அந்த மாதத்திலிருந்து மட்டும் கட்டினார்.

மார்ச்சில் முதல் 11 பேரின் பாஸ் புத்தகத்திலும் ஒரே தொகை, 2,400 ரூபாய். ஆனால் அந்தப் பணம் குழுவில் தங்கிய காலம் ஒன்றல்ல. ஏப்ரலில் கட்டிய 200 பன்னிரண்டு மாதம் உழைத்தது. மார்ச்சில் கட்டியது ஒரே மாதம். ஒவ்வொரு தொகையையும் அது தங்கிய மாதத்தால் பெருக்கிக் கூட்டினால், முதலிலிருந்து கட்டியவருக்கு 15,600 வரும். மொத்தமாகக் கட்டியவருக்கு 11,400, கடைசியவருக்கு 4,200. குழு முழுவதற்கும் 1,71,600.

வசூலான வட்டி 2,800 ரூபாய். செலவு 226 போக மீதி 2,574. இதை 1,71,600ஆல் வகுத்தால், ஒரு ரூபாய் ஒரு மாதம் தங்கியதற்கு ஒன்றரைப் பைசா. ஆகவே பத்துப் பேருக்குத் தலைக்கு 234, அடுத்தவருக்கு 171, கடைசியவருக்கு 63. சமமாகப் பிரித்திருந்தால் எல்லாருக்கும் 214 ரூபாய் 50 காசு போயிருக்கும். வர வேண்டிய வட்டியை இதில் சேர்க்கக் கூடாது. கைக்கு வந்தது மட்டும்தான் கணக்கு.

இந்த ஒன்றரைப் பைசா இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். கடனுக்கு வாங்குவது இரண்டு பைசா. சேமிப்பை மட்டுமே சுழற்றும் புதுக் குழுவில் விடை அதைத் தாண்டினால், அபராதமோ தவணை அசலோ வட்டிக் கலத்தில் ஏறியிருக்கும். ரொம்பக் குறைந்தால் பணம் சும்மா கிடந்திருக்கும், இல்லையென்றால் வட்டி நிலுவையில் நிற்கும்.

கடன் வசூலிலும் இப்படித்தான். ஒரு மாதம் ஐந்து பேர் தலைக்கு 600 ரூபாய் தவணை கட்ட வேண்டும், கேட்பு 3,000. வசூலும் 3,000. நூறு சதவீதம் என்று எழுதிவிடத் தோன்றும். பெயர்வாரியாகப் பார்த்தால் மூவர் 600 கட்டியிருக்கிறார்கள், ஒருவர் அடுத்த மாதத் தவணையையும் சேர்த்து 1,200 கட்டியிருக்கிறார், ஒருவர் கட்டவே இல்லை. முன்கூட்டி வந்த 600 இந்த மாதக் கேட்புக்கு உரியதல்ல. உண்மையான வசூல் 2,400, அதாவது 80 சதவீதம்.

பழைய கடன் தீர்ந்த அதே தேதியில் அதே பெயருக்குப் புதுக் கடன் இருந்தால் நின்று பார்க்க வேண்டும். 3,600 வரவு, 4,200 பற்று என்று எழுதியிருக்கும். அன்று நிஜமாகக் கைமாறியது 600 ரூபாய், அதுவும் குழுவிலிருந்து வெளியே. நிலுவையைப் புதுக் கடனால் மூடியிருக்கிறார்கள். அந்த 3,600ஐ வசூலில் சேர்க்காமல் சதவீதத்தை மறுபடி போடுங்கள்.